மாசியில் வந்த பணம் அடுத்த மாசி தாண்டி நிற்க

"ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் சொந்த நஞ்சை. ஒரு போகம் சம்பா, அப்புறம் உளுந்து. இந்த வருஷம் 90 மூட்டை கண்டது. வீட்டுக்குப் பத்து மூட்டை வைத்துக்கொண்டு மீதியைக் கொள்முதல் நிலையத்தில் போட்டேன். 1,20,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. எல்லா வருஷமும் மாசியில் கையில் காசு இருக்கும், ஆடி வந்தால் பத்து ரூபாய் இருக்காது. சங்கத்தில் 75,000 பயிர்க்கடன் இருக்கிறது. முந்தின கடனைத் தவணை தாண்டி வட்டியோடு கட்டியதால் இந்தக் கடன் ஐப்பசிக் கடைசியில்தான் கிடைத்தது. அதுவரைக்கும் நகையை இரண்டு வட்டிக்கு வைத்து 50,000 வாங்கி விதைத்தேன். சங்கத் தவணைக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது, வட்டியும் இல்லை. அதனால் இப்போது 30,000 போட்டு ஒரு பழைய பைக் வாங்கலாம் என்று பார்க்கிறேன். வீட்டுச் செலவு மாசம் எட்டாயிரம் ஆகும். மனைவி வேலைக்குப் போவதும் உரிமைத் தொகையும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறு வரும். ஜூன் மாசம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடச் செலவு 12,000, தீபாவளிக்கு 6,000. உளுந்து நன்றாக வந்தால் செலவு போக 28,000 நிற்கும். இதை எப்படிப் பிரித்து வைப்பது?"

தம்பி, கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்தே பாதி வாழ்நாள் போயிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 'ஐப்பசிக் கடைசி'தான். ஆடியில் வரும் பஞ்சத்துக்கும் ஆவணியில் நகை அடகுக்குப் போவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சங்கக் கடனைத் தவணைக்குள் கட்டினால் நமக்கு வட்டி கிடையாது. அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. தவணை ஒரு நாள் தாண்டினாலும் சலுகை போய்விடும். இது உங்களுக்கே தெரியும், ஒரு தடவை பட்டுவிட்டீர்கள். ஆனால் போன வட்டியைவிடப் பெரிய சேதம் இன்னொன்று நடந்திருக்கிறது. உங்கள் கடனின் தேதி நகர்ந்துவிட்டது. சம்பாவுக்குப் பணம் வேண்டியது ஆவணியில். உழவு, விதை, நாற்றங்கால், வரப்பு வேலை எல்லாம் அப்போதுதான். கடனோ ஐப்பசிக் கடைசியில் கைக்கு வருகிறது. அடுத்த தவணையும் ஐப்பசிக் கடைசிக்குத்தான் விழும். நீங்கள் இந்தத் தடவை ஒழுங்காகத் தவணை அன்றைக்கே போய்க் கட்டினாலும், புதுக்கடன் அதற்குப் பிறகுதான் கிடைக்கும். வருகிற ஆவணியிலும் நகை கடைக்குத்தான் போகும். ஒரு வருஷம் தவறியது வருஷா வருஷம் தொடர்கிற மாதிரி இப்படித்தான் ஆகிறது. தவணையைத் தவறவிடாதவர்களே இதில் மாட்டிக்கொண்டு, ஏன் என்று தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தவணைத் தேதியை மறந்துவிடுங்கள். ஆடி மாதம் முடிவதற்குள் அந்த 75,000 சங்கத்துக்குள் போயாக வேண்டும். மூன்று மாதம் முன்கூட்டிக் கட்டுவது நஷ்டம் மாதிரி தெரியும். இரண்டு வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு மாதம் ஆயிரம். ஆவணியிலிருந்து ஐப்பசிக் கடைசி வரை இரண்டரை மாதம் என்று வைத்தால் 2,500 ரூபாய் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. முன்கூட்டிக் கட்டுவதால் நீங்கள் இழப்பது அதில் பாதிகூட வராது. ஆனியிலேயே சங்கச் செயலாளரைப் பார்த்து, சம்பாக் கடன் எப்போது கொடுக்கத் தொடங்குகிறார்கள், சிட்டா அடங்கல் தவிர வேறு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் கடைசி நேரத்தில் போய் நிற்பதிலேயே பலருக்குப் பத்து நாள் போய்விடுகிறது.

அதுவரைக்கும், இந்த மாசியிலிருந்து ஆடி வரைக்கும், 75,000 எங்கே இருப்பது? சேமிப்புக் கணக்கில் இருக்கக் கூடாது. அது உங்கள் பணமே இல்லை, அடுத்த வெள்ளாமையின் பணம். விதைநெல் கோட்டையை எந்த விவசாயியும் அவித்துச் சோறாக்க மாட்டான். ஆனால் அதே விதைநெல் ரூபாயாக மாறிக் கணக்கில் கிடக்கும்போது நம் கண்ணுக்கு விதைநெல்லாகத் தெரிவதில்லை. உங்கள் பைக் யோசனை வந்ததும் அப்படித்தான். 1,20,000 இருக்கிறது, 30,000 போனால் என்ன என்று தோன்றியிருக்கிறது. உண்மையில் உங்கள் கையில் இருப்பது 45,000.

பணம் ஏறியிருக்கிற வங்கியிலேயே 75,000-ஐ 150 நாளுக்கு டெபாசிட்டாகப் போடுங்கள். பிப்ரவரி 20-க்குப் போட்டால் ஜூலை 20-க்கு முதிரும், ஆடி முதல் வாரம். நூற்றுக்கு ஐந்து வட்டி என்று குறைத்து வைத்தாலும் 1,500 ரூபாய் சேரும். வட்டிக்காகச் சொல்லவில்லை, பணம் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். படிவத்தில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவா, சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவா என்று ஒரு கேள்வி இருக்கும். வரவு வைக்கச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பித்துவிட்டால் நீங்கள் சங்கத்துக்குப் போக வேண்டிய வாரத்தில் பணம் மறுபடி பூட்டிக்கிடக்கும், உடைத்தால் வட்டியில் பிடிப்பார்கள். இரண்டாவது, டெபாசிட் உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்ந்து இருக்கட்டும். 'யாராவது ஒருவர்' என்று எழுதாமல் 'இருவரும் சேர்ந்து' என்று எழுதுங்கள். அப்போது இரண்டு கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. மச்சான் கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்கும்போது, "பேங்கில் போட்டாச்சு, அவளும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்வது பொய்யில்லாத பதில். சொந்தத்தைப் பகைத்துக்கொள்ளாமல் பணத்தைக் காக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இது.

தபால் நிலையத்தில் போடலாமா என்று கேட்பீர்கள். அங்கே காலவைப்பு குறைந்தது ஒரு வருஷம், ஆறு மாதத்துக்குள் எடுக்கவும் விடமாட்டார்கள். நம் தேவைக்குப் பொருந்தாது.

சரி, மீதி 45,000. இதைப் பன்னிரண்டால் வகுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். பதின்மூன்றால் வகுங்கள். போன மாசியில் பணம் வந்தது என்றால் வருகிற மாசியிலும் வரும் என்பது நிச்சயமில்லை. தை மாதம் ஒரு மழை பிடித்தால் போதும், கதிர் சாய்ந்து அறுவடை பத்து நாள் தள்ளும். அறுத்த நெல் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், ரோட்டில் கொட்டிக் காய வைக்க வேண்டும். அப்புறம் சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, குடோனில் இடமில்லை. இதெல்லாம் சேர்ந்து ஒரு மாதம் பின்னால் போவதை நீங்களே கண்டிருப்பீர்கள். மளிகைக் கடையில் கடன் ஏறுவதும் மீட்டர் வட்டிக்காரரைத் தேடுவதும் அந்தப் பதின்மூன்றாவது மாதத்தில்தான் அதிகம்.

உங்கள் வீட்டுக்கு மாதம் 8,000 வேண்டும், மனைவியின் வரவு 3,500. மீதி 4,500 விளைச்சல் பணத்திலிருந்து வர வேண்டும். பதின்மூன்று மாதத்துக்கு 58,500. பள்ளிக்கூடமும் தீபாவளியும் 18,000. ஆக 76,500 தேவை. வரவு என்று பார்த்தால் கையில் உள்ள 45,000, உளுந்து 28,000, பிஎம் கிசான் மூன்று தவணையும் சேர்ந்து 6,000. மொத்தம் 79,000. எல்லாம் நல்லபடியாக நடந்தால் வருஷக் கடைசியில் 2,500 ரூபாய் மிஞ்சும், டெபாசிட் வட்டியைச் சேர்த்தால் நாலாயிரம். பைக்குக்கு இதில் இடமில்லை தம்பி. 30,000 என்பது வீட்டுக்கு விளைச்சல் பணத்திலிருந்து எடுக்கிற ஆறரை மாதப் பணம். இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, வயலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடந்தே போகிற சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த மாசியில் வாங்கினால் அந்தப் பைக் ஆவணியில் நகையின் மேல்தான் ஓடும். கடன் தேதி ஆவணிக்குத் திரும்பிவிட்டால் அடகு வட்டி 2,500 வருஷா வருஷம் மிச்சமாகும். அதையும் கடைசியில் மிஞ்சுவதையும் சேர்த்து அடுத்த வருஷம் இதைப் பேசுவோம்.

45,000-ஐ இப்படி மூன்றாகப் பிரியுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை நாலு மாதத்துக்கு 18,000, அது சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். மாதம் பிறந்ததும் 4,500 மட்டும் ஒரே தடவையாக எடுத்து மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். ஏடிஎம்முக்குப் போய் ஐந்நூறு, ஆயிரமாக எடுத்தால் எவ்வளவு எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து 12,000, ஜூன் 1-க்கு முதிர்கிற மாதிரி ஒரு டெபாசிட், அது பள்ளிக்கூடத்துக்கு. கடைசியாக 15,000, அக்டோபர் 1-க்கு முதிர்கிற மாதிரி இன்னொன்று. அதில் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதச் செலவு 9,000, தீபாவளிக்கு 6,000.

இந்த அக்டோபர் டெபாசிட்டை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், தீபாவளி எப்போதும் பயிர்க்கடன் பணத்தின் தலையில்தான் விழுகிறது. ஆவணி, புரட்டாசியில் கடன் வந்திருக்கும், நடவு முடிந்திருக்கும், மேலுரத்துக்கும் களைக்கும் வைத்த பணம் கையில் இருக்கும், பிள்ளைகள் துணி கேட்கும். எடுத்துவிடுவோம். கார்த்திகையில் பயிர் வெளுத்து நிற்கும்போது உரம் வாங்கக் காசு இருக்காது. அந்த ஒரு தவணை மேலுரம் தவறினால் ஏக்கருக்கு மூன்று, நான்கு மூட்டை குறைவதை வயலில் பார்க்கலாம். தீபாவளிச் செலவுக்கு என்று ஒரு ரசீது தனியாக இருந்தால் கடன் பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. கடன் வந்ததும் அதிலிருந்தும் ஒரு 10,000-ஐ அறுவடை இயந்திர வாடகைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சாய்ந்த பயிரில் இயந்திரம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஈர வயலுக்குச் செயின் வண்டிதான் இறங்கும், அது டயர் வண்டியைவிட வாடகை கூடுதல்.

கோட்டூர் பக்கம் ஒரு அம்மா இருந்தார்கள். கணவர் இறந்த பிறகு இரண்டு ஏக்கரைத் தானே பார்த்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். டெபாசிட் போட்ட அன்றைக்கே வீட்டில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் அந்த முதிர்வுத் தேதி வரைக்கும் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அந்தத் தாளில் மஞ்சள் பொட்டு ஒன்று வைத்துவிடுவார்கள். தேதி கிழிக்கும்போது மஞ்சள் வந்தால் அன்றைக்கு வங்கிக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். ஒரு வருஷத்தில் அந்தக் காலண்டரில் நாலு மஞ்சள் இருந்தது. செல்போனில் நினைவூட்டல் வைக்கலாம்தான், ஆனால் காலண்டர் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். நீங்களும் இந்த மூன்று தேதியையும் அப்படிக் குறித்து வையுங்கள்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மூன்று மாதம், அப்புறம் டிசம்பரிலிருந்து அடுத்த மார்ச் வரை நாலு மாதம், ஆக ஏழு மாதத்துக்கு 31,500 வேண்டும். இதை உளுந்தும் பிஎம் கிசானும்தான் தாங்க வேண்டும். உங்கள் திட்டத்தில் மெலிந்த இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உளுந்து வந்தால் வரும், வராவிட்டால் ஒன்றுமில்லை. நெல்லுக்கு இருக்கிற மாதிரி அதை நம்ப முடியாது. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மெழுகுப் பதத்தில் விதைக்க வேண்டியது. அறுவடை தள்ளிப்போனால் பதம் போய்விடும், இயந்திரம் ஏறி மிதித்த தடத்தில் முளைக்காது, தப்பியதை மஞ்சள் தேமல் பிடிக்கும். ஆனால் நல்ல விஷயம் ஒன்று உண்டு. உளுந்து கைவிடப் போகிறதா என்பது சித்திரையில் செடியைப் பிடுங்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தெரியும். விதைத்து இருபது நாள் ஆனதும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி உள்ளே இருக்கிற செடியை எண்ணுங்கள். வயலில் ஐந்து இடத்தில், இயந்திரத் தடம் விழுந்த இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். சதுர மீட்டருக்கு 33 செடி இருக்க வேண்டும் என்பது வேளாண் துறையினர் சொல்கிற கணக்கு. சராசரி பதினைந்து, பதினாறுதான் வருகிறது என்றால் நோட்டில் 28,000-ஐ அடித்துவிட்டு 14,000 என்று எழுதுங்கள். அப்புறம் பூக்கும் நேரத்தில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறினால் அதிலும் குறையுங்கள். அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே இந்தப் பள்ளம் தெரிந்துவிட்டால் நமக்கு நேரம் இருக்கிறது.

உளுந்து அடியோடு போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிஞ்ச வேண்டிய 2,500-ஐக் கழித்தாலும் 25,500 குறையும், விதைச் செலவு வேறு. அப்போது செய்யக் கூடாதது, அக்டோபர் டெபாசிட்டை ஜூலையிலேயே உடைப்பதும் ஆடியில் முதிர்கிற 75,000-இல் கொஞ்சம் எடுப்பதும். 75,000-இல் ஐயாயிரம் எடுத்தால் கடன் அடையாது, அடையாவிட்டால் புதுக்கடன் இல்லை, பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். செய்ய வேண்டியது, கோடையிலேயே வேலை தேடுவது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் உங்கள் வயலில் வேலை இல்லை. கட்டட வேலையோ, வாய்க்கால் தூர்வாரும் வேலையோ, மாதம் எட்டு, பத்து நாள் கிடைத்தால் பாதிப் பள்ளம் நிரம்பும். மீதிக்கு நகையைத்தான் வைக்க வேண்டும் என்றால் ஆனி மாதமே, தேவைப்படுகிற தொகைக்கு மட்டும், சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். இரண்டு வட்டி என்பது வருஷத்துக்கு நூற்றுக்கு 24. வங்கி நகைக்கடனில் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். அவசரத்தில் போகிறவன்தான் அடகுக்கடைக்குப் போகிறான். ஒரு வாரம் முன்னால் தெரிந்தவன் வங்கி வரிசையில் நிற்க முடியும்.

பயிர்க் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். சம்பாவுக்கு நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், ஏக்கருக்கு அறுநூறு ரூபாயை ஒட்டி வரும். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் விழும். கடன் வாங்கும்போதே சங்கத்தில் பிடித்துக்கொண்டார்களா என்று ரசீதைப் பாருங்கள். ஆனால் காப்பீட்டுப் பணத்தை ஒருபோதும் வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். பெரும்பாலும் உங்கள் வயலைத் தனியாகப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஊரில் நடக்கிற பயிர் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். வந்தாலும் பல மாதம் கழித்தே வரும். வந்தால் அதை அப்படியே அடுத்த பயிருக்கு டெபாசிட்டாகப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வருஷம் உங்களுக்குக் கணக்கு இவ்வளவாவது நின்றதற்கு விலையும் காரணம். 2025-26 பருவத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500, அதாவது 40 கிலோ சிப்பம் ஒன்று ஆயிரம் ரூபாய். நீங்கள் போட்ட 80 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ கணக்கில், 120 சிப்பம். விளைச்சல் மூட்டைக் கணக்கில் ஏக்கருக்கு முப்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைந்தால் விற்கிற நெல்லில் 15 மூட்டை குறையும், அது 22,500 ரூபாய். ஆகையால் கண்டுமுதல் ஆனதும், நெல்லை எடை போட்ட அன்றைக்கே, பணம் ஏறக் காத்திருக்காமல் நோட்டில் முதல் வரியாகச் சங்கப் பணத்தைக் கழித்துவிட்டு, உளுந்தையும் பிஎம் கிசானையும் கூட்டி, பள்ளிக்கூடத்தையும் தீபாவளியையும் கழித்து, மீதியைப் பதின்மூன்றால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு எவ்வளவு என்ற எண் அன்றைக்கே வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். குறைந்த வருஷத்தில் 4,500 என்பது 3,000 ஆகும். அதை மாசியிலேயே தெரிந்து செலவைச் சுருக்குவது ஒன்று, ஆடியில் காலிப் பையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு.

இந்த வாரமே உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். இருவரின் ஆதாரும் பான் அட்டையும் புகைப்படமும் எடுத்துப் போங்கள். மூன்று டெபாசிட்டையும் ஒரே நாளில் போட்டுவிடலாம். உளுந்து விதைத்து இருபது நாள் ஆனதும் செடியை எண்ணி எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். பதினைந்துக்குக் கீழே இருந்தால் ஜூலையிலிருந்து வருகிற மாதங்களை மட்டும் மறுபடி உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.